காமுகன் என்றால் காதலன்: தமிழ்க் காதை ஏமாற்றும் மலையாளக் காதல் சொற்கள்

மலையாளச் செய்திகளை அரைகுறையாகப் புரிந்துகொண்டு பார்க்கும் தமிழர்கள் ஒரு சொல்லில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள். வீட்டை விட்டுப் போன பெண்ணைப் பற்றிய செய்தியில் "காமுகனோடொப்பம்" போனாள் என்று வாசிப்பார்கள். தமிழில் காமுகன் என்றால் பெண் பித்துப் பிடித்து அலைபவன், வசைச்சொல். ஒரு செய்தி வாசிப்பாளர் இவ்வளவு சாதாரணமாக ஒருவரைத் திட்டுவாரா என்று தோன்றும். அங்கே அது திட்டே இல்லை. மலையாளத்தில் காமுகன் என்றால் காதலன், காமுகி என்றால் காதலி. கல்லூரி மாணவி தோழியிடம் "என்டெ காமுகன்" என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லும் சொல் அது.

இரண்டு மொழிகளும் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் காதல் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை குழப்பம்? நெருக்கம்தான் காரணம். முற்றிலும் அந்நியமான மொழியில் ஒரு சொல் புரியாவிட்டால் அர்த்தம் கேட்போம். இங்கே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதால் கேட்பதில்லை.

## முதலில் அடிப்படை: பொய் நண்பர்கள்

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களுக்கு மொழியியலில் 'பொய் நண்பர்கள்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களான கோஸ்லரும் தெரோகிஞியும் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையே இப்படி ஏமாற்றும் சொற்களைத் தொகுத்து 1928இல் ஒரு புத்தகம் போட்டார்கள். அதன் தலைப்பில் இருந்த பெயர்தான் பிற மொழிகளுக்கும் பரவியது.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. நம் விஷயத்துக்கு மூன்று வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. ஒரே மூலம், வேறு பயணம். இரண்டு மொழியும் ஒரே சமஸ்கிருதச் சொல்லைக் கடன் வாங்கின. அப்புறம் ஒவ்வொன்றும் அதைத் தன் போக்கில் வளைத்துக்கொண்டது. காமுகன் இந்த வகை.

2. ஒலி மாற்றம். இரு மொழிக்கும் பொதுவான சொல் ஒரு மொழியில் உயிரெழுத்து மாறிப்போய், அடுத்த மொழியில் வேறொரு சொல்லின் உருவத்தில் வந்து நிற்கும்.

3. சொல் மாறாமல் இலக்கணம் மாறுவது. தனியாகப் பார்த்தால் பொருள் ஒன்றுதான். எந்த வேற்றுமை உருபோடு வருகிறது என்பதில் அர்த்தம் புரண்டுவிடும்.

மூன்றாவது வகையைப் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். உண்மையில் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

## காமுகன்: கீழே இறங்கியது எந்தச் சொல்?

மலையாளிகள் ஒரு கெட்ட சொல்லை நல்ல பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். நடந்தது வேறு. சமஸ்கிருதத்தில் காமுகன் என்பவன் விரும்புகிறவன். அதில் காதலனும் அடங்குவான், காமவெறியனும் அடங்குவான். மலையாளம் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டது. தமிழும் இந்தியும் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டன.

தமிழிலும் 'காமம்' எப்போதும் இப்படி முகம் சுளிக்க வைத்த சொல் இல்லை. திருக்குறளின் மூன்றாம் பால் காமத்துப்பால். அதன் 25 அதிகாரங்களில் பெரும்பகுதி பிரிவில் உருகுவதும், ஊடுவதும், கனவில் கண்டு ஆறுதல் அடைவதும்தான். இன்று அதையே நாம் 'காதல்' என்போம். பிறகு நம்மிடம் காமம் உடலளவில் சுருங்கி, மிச்சத்தைக் காதல் எடுத்துக்கொண்டது. இந்தப் பிரிவினை நடந்த மொழியில் வளர்ந்த காதுக்குக் காமுகன் கொச்சையாகத்தான் படும்.

எனவே மலையாளப் படத்துக்குத் தமிழில் வசன வரி எழுதுகிறவர் 'காமுகன்' என்பதை அப்படியே விட்டால், காதலன் தமிழ்த் திரையில் பொறுக்கி ஆகிவிடுவான். தமிழ்ச் சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடத் தூண்டுவதுதான் இதில் உள்ள பொறி.

## இஷ்டம்: ஒரு எழுத்தில் தொங்கும் காதல்

'இஷ்டம்' தமிழில் விருப்பம். ஆனால் நாம் அதை அன்றாடம் பயன்படுத்தும் விதம் கவனிக்கத்தக்கது. "உன் இஷ்டம்" என்றால் எப்படியாவது செய்துகொள், நான் தலையிடவில்லை என்று பொருள். பாதி நேரம் அதில் கோபம் இருக்கும். "இஷ்டத்துக்கு ஆடுறான்" என்றால் கட்டுப்பாடு இல்லை. ஆளைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல 'இஷ்டம்' நம் வாயில் எளிதில் வராது, 'பிடிக்கும்'தான் வரும்.

மலையாளத்தில் ஒருவர் இன்னொருவரிடம் மனதைத் திறக்கும் மிக இயல்பான வாக்கியம் "எனிக்கு நின்னெ இஷ்டமாணு." எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, உன்மேல் காதல் என்பது வரை இதன் வீச்சு போகும்.

ஒரு கற்பனைச் சூழலை வைத்து இதைப் பிரித்துப் பார்ப்போம். பொள்ளாச்சிப் பையனும் பாலக்காட்டுப் பெண்ணும் ஒரே அலுவலகம். படத்துக்கு இன்றைக்குப் போகலாமா, நாளைக்கா என்று கேட்கிறான். அவள் "நின்டெ இஷ்டம்" என்று செய்தி அனுப்புகிறாள். சில வாரம் கழித்து "எனிக்கு நின்னெ இஷ்டமாணு" என்று அனுப்புகிறாள். கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டினால் 'நின்டெ'வுக்கும் 'நின்னெ'வுக்கும் வேறுபாடு ஒரே ஒரு எழுத்து. முதலாவது 'உன் இஷ்டம்' என்று சரியாகப் புரிந்ததால், இரண்டாவதையும் அவன் அதே கணக்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்: எல்லாம் உன் விருப்பப்படியே. அவள் சொன்னதோ வேறு.

எங்கே பிரிகிறது என்று பார்ப்போம்.

1. 'நின்டெ' ஆறாம் வேற்றுமை, உன்னுடைய. இஷ்டம் யாருடையது என்று சொல்கிறது. இங்கே தமிழும் மலையாளமும் ஒன்றுதான்.

2. 'நின்னெ' இரண்டாம் வேற்றுமை, உன்னை. இஷ்டம் யார் மேல் என்று சொல்கிறது. இஷ்டம் யாருடையது என்பதை 'எனிக்கு' சொல்லிவிட்டது.

3. இந்த அச்சு தமிழுக்குப் புதிதல்ல. "எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்பதில் 'பிடிக்கும்' இருக்கும் இடத்தில் 'இஷ்டமாணு' வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தெலுங்கிலும் இஷ்டம் இதே வேலையைச் செய்கிறது. "நுவ்வன்டே நாகு இஷ்டம்" என்றால் உன்னை எனக்குப் பிடிக்கும். ஆக இந்தச் சொல்லுக்குக் காதல் வாடை இல்லாமல் செய்துகொண்டது இம்மூன்றில் நாம்தான்.

சரி, பையனுக்கு வேற்றுமை உருபு புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் மிச்சம். மலையாளத்தில் தோசையும் இஷ்டம்தான்: "எனிக்கு தோஷ இஷ்டமாணு." பார்த்த படமும் "இஷ்டப்பெட்டு." பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போய் "பெண்ணினெ இஷ்டப்பெட்டு" என்று சொல்லி அனுப்பினால் சம்மதம் என்று அர்த்தம். தமிழில் இஷ்டப்பட்டு என்பது மனமுவந்து என்ற வினையடை, அங்கே அது பிடித்துப்போயிற்று என்ற முழுச் செய்தி.

எனவே 'இஷ்டமாணு' காதலா, வெறும் பிடிப்பா என்பதைச் சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. தமிழில் 'பிடிக்கும்' போலத்தான், சொன்ன நேரமும் சொன்ன விதமும் சேர்ந்தால்தான் எடை தெரியும். சந்தேகம் தீராவிட்டால் அவள் 'ப்ரணயம்' என்ற சொல்லை எடுக்கிறாளா என்று பார்க்க வேண்டும். அது ஆண் பெண் காதலுக்கே உரிய சொல், தோசைக்கு வராது. (ப்ரணயத்தை மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் என்று படிக்கிறவர்களும் உண்டு. அந்த ஆபத்து சிறியது.)

## சிநேகம்: எண்ணெயில் தொடங்கிய சொல்

தமிழில் சிநேகம் நட்பு. சிநேகிதி தோழி. கிராமத்துப் பேச்சில் "அவனுக்கு அங்க ஒரு சிநேகம் உண்டு" என்று கண்ணைச் சிமிட்டிச் சொல்வதும் உண்டு, ஆனால் அது மறைத்துச் சொல்லும் பேச்சு.

மலையாளத்தில் ஸ்நேஹம் அன்பு. தாய் பிள்ளைமேல் வைப்பது, கடவுள் மனிதன்மேல் வைப்பது, காதலன் காதலிமேல் வைப்பது எல்லாம் ஸ்நேஹம்தான். "ஞான் நின்னெ ஸ்நேஹிக்குந்நு" என்றால் நான் உன்னைக் காதலிக்கிறேன். கடிதத்தின் முடிவில் "ஸ்நேஹத்தோடெ" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் 'அன்புடன்'. அதைத் தமிழர் 'நட்புடன்' என்று படித்தால் ஒரு படி குறைத்துப் படிக்கிறார். இன்னொரு முடிச்சும் உண்டு: ஸ்நேஹம் அன்பாக இருந்தாலும், 'ஸ்நேஹிதன்' என்று ஆள் பெயராக வரும்போது மலையாளத்திலும் நண்பன்தான். ஒரே வேர்ச்சொல், பெயரில் நட்பு, வினையில் காதல்.

சமஸ்கிருதத்தில் 'ஸ்நேஹ' என்பதற்கு எண்ணெய்ப் பசை என்றும் பொருள். ஒட்டிக்கொள்வதால் பாசத்துக்கும் அந்தப் பெயர். கேரளத்து ஆயுர்வேத நிலையத்தில் 'ஸ்நேஹபானம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் மருந்து நெய்யைக் குடிக்கச் சொல்கிறார்கள். அன்பைப் பருகச் சொல்லவில்லை.

அளவு மாறிப்போகும் இந்த வகைக்கு இலங்கைத் தமிழருக்கு இன்னும் பழகிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் "மம ஒயாட்ட ஆதரெயி" என்றால் நான் உன்னைக் காதலிக்கிறேன். அந்த 'ஆதர' நம் ஆதரவிலும் ஆதரிப்பிலும் இருக்கிற அதே சமஸ்கிருதச் சொல்தான். இந்தியில் 'ஆதர்' என்றால் மரியாதை. ஒரே சொல் இந்தியில் கை கூப்புகிறது, தமிழில் கை கொடுக்கிறது, சிங்களத்தில் கை பிடிக்கிறது.

## காதலும் கெட்டியோனும்: சொந்தச் சொற்களின் விளையாட்டு

இதுவரை பார்த்தவை கடன் சொற்கள். திராவிடச் சொற்களிலும் இது நடக்கும்.

2023இல் 'காதல்' என்று ஒரு மலையாளப் படம் வந்தது. பெயரைக் கேட்டுக் காதல் கதை என்று நினைத்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் படத்தின் தலைப்போடு ஒட்டியிருந்த ஆங்கிலப் பெயர் 'தி கோர்', அதாவது மையம், உள்ளீடு. மலையாளத்தில் 'காதல்' என்பதன் பொருளே அதுதான். மரத்தை அறுத்தால் நடுவில் கறுத்து இறுகி இருக்குமே, நாம் வைரம் பாய்ந்த பகுதி என்போம், பழந்தமிழில் காழ், அதற்கு அங்கே காதல் என்று பெயர். அதிலிருந்து சாரம், முக்கியம் என்று பொருள் விரிந்தது. அரசு ஒரு திட்டத்தில் "காதலாய மாற்றம்" கொண்டுவருவதாக மலையாளச் செய்தி சொன்னால் அடிப்படையான மாற்றம் என்று பொருள். அமைச்சர் யாரையும் காதலிக்கவில்லை. தமிழ்ப் படங்கள் மூலம் நம் காதலையும் மலையாளிகள் அறிவார்கள் என்பதால், தலைப்பில் இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கும்.

அடுத்தது கெட்டு. நம் 'கட்டு' மலையாளத்தில் 'கெட்டு' ஆகிறது. தாலி கட்டுவது அங்கே தாலி கெட்டுவது. 'கெட்டியோன்' கணவன், 'கெட்டியோள்' மனைவி. "அவளெ கெட்டியது ஆராணு?" என்ற கேள்வியை ஒரு தமிழர் கேட்டால் அவளைக் கெடுத்தது யார் என்று பதறிப்போவார். அவளை மணந்தது யார் என்றுதான் கேட்டார்கள்.

இதில் தமிழ்நாடு முழுவதும் ஏமாறாது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் "மவளைக் கெட்டிக் குடுத்தாச்சு" என்றே பேசுகிறார்கள். அவர்களுக்கு இது பொய் நண்பன் அல்ல, நிஜ நண்பன். தஞ்சாவூர்க்காரரும் சென்னைக்காரரும்தான் மாட்டுவார்கள். பொய் நட்பு இரண்டு மொழிகளுக்கு இடையில் மட்டும் இருப்பதில்லை, எந்த வட்டாரத்துக் காது என்பதையும் பொறுத்தது.

## கல்யாணப் பேச்சு தொடங்கினால்

எல்லை தாண்டிய காதல்கள் கல்யாணம் வரை போகும்போது பெரியவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். இங்கே வேறு சில சொற்கள் காத்திருக்கின்றன.

1. ஆலோசன. "மோள்க்கு நல்லொரு ஆலோசன வந்நிட்டுண்டு" என்று பெண்ணின் அம்மா சொன்னால், மகளுக்கு யாரோ நல்ல அறிவுரை சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. நல்ல வரன் வந்திருக்கிறது என்று பொருள். அதாவது உங்கள் பையனுக்குப் போட்டி வந்துவிட்டது. புரியாமல் "ரொம்ப சந்தோஷம், பெரியவங்க ஆலோசனையைக் கேட்டு நடக்கணும்" என்று பதில் சொன்னால் உள்ள இடத்தையும் விட்டுக்கொடுத்ததாக ஆகும்.

2. சம்மந்தி. நம் பேச்சில் சம்பந்தி 'சம்மந்தி' ஆகிறார். மலையாளத்தில் சம்மந்தி என்றால் தேங்காய்த் துவையல். இங்கே இழப்பு எதுவும் இல்லை, சிரித்துவிட்டுச் சாப்பிடலாம்.

3. ஸம்ஸாரம். தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. இந்தியில் உலகம். மலையாள மாமனார் மாப்பிள்ளையின் நண்பனைப் பற்றி "அவன்டெ ஸம்ஸாரம் எனிக்கு இஷ்டாயி" என்று சொன்னால் அவன் பேசிய விதம் பிடித்திருந்தது என்று பாராட்டுகிறார். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று விளக்கத் தேவையில்லை.

## சம்பந்தம்: சொல் நீதிமன்றத்துக்குப் போன கதை

மேலே சொன்னவை எல்லாம் ஒருநாள் தர்மசங்கடத்தோடு முடிபவை. ஒரு சொல் மட்டும் சட்டம்வரை போனது.

தமிழில் "நல்ல சம்பந்தம் வந்திருக்கு" என்றால் இரண்டு குடும்பங்களுக்கு இடையே திருமண உறவு. ஊர் அறிய நடப்பது, அவ்வளவு எளிதில் பிரியாதது, பெண் புகுந்த வீட்டுக்குப் போவது என்று எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். வடகேரளத்து மலபாரில், தாய்வழியே வாரிசு போகும் மருமக்கத்தாய முறையில் வாழ்ந்த நாயர் குடும்பங்களிலும் ஆண் பெண் இணைவுக்குச் 'சம்பந்தம்' என்றுதான் பெயர். ஆனால் ஏற்பாடு வேறு. ஆண் பெண்ணுக்குப் புடவை கொடுப்பது சடங்கின் நடுநாயகம், 'புடமுறி' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பெண் தன் தரவாட்டிலேயே, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்து வீட்டிலேயே இருப்பாள், கணவன் வந்து போவான். பிள்ளைகள் தாயின் தரவாட்டைச் சேர்ந்தவர்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் பிரிந்துகொள்ளலாம்.

பிரிட்டிஷ் ஆட்சியில் மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. சம்பந்தத்தைச் சட்டப்படியான திருமணமாக நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஊரில் மனைவி என்று அழைக்கப்பட்டவள் சட்டத்தின் முன் மனைவி இல்லை. இதைத் தீர்க்கச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர் சி. சங்கரன் நாயர் ஒரு மசோதா கொண்டுவர, அரசு 1891இல் மலபார் திருமண ஆணையத்தை அமைத்தது. தலைவர் உயர் நீதிமன்ற நீதிபதி தி. முத்துசாமி அய்யர், தஞ்சைப் பகுதித் தமிழர். உறுப்பினர்களில் நாவலாசிரியரும் நீதித்துறை அதிகாரியுமான ஓ. சந்து மேனோன் ஒருவர். சம்பந்தம் ஏற்கனவே திருமணம்தான், அதைப் புதிதாகச் சட்டம் போட்டுத் திருமணம் ஆக்கத் தேவையில்லை என்பது சந்து மேனோனின் நிலை. கேள்வியே இதுதான்: இந்தச் சொல் திருமணத்தைக் குறிக்கிறதா, வெறும் தொடர்பைக் குறிக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தொடர்பு. உள்ளே வாழ்ந்தவருக்குத் திருமணம்.

1896இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. சம்பந்தம் செய்தவர்கள் விரும்பினால் பதிவு செய்துகொள்ளலாம், பதிவு செய்தால் அது சட்டப்படி திருமணம். பதிவு செய்ய வந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோருக்குத் தாங்கள் ஏற்கனவே மணமானவர்கள் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை, அதை அலுவலகத்தில் போய் எழுதி வாங்க வேண்டிய தேவை என்ன? 1933இல் வந்த சென்னை மருமக்கத்தாயச் சட்டம்தான் பதிவு இல்லாமலே வழக்கப்படி நடந்த சம்பந்தத்தைத் திருமணம் என்று ஏற்றுக்கொண்டது. சென்னையிலிருந்து கோழிக்கோடு ரயிலில் ஓர் இரவுப் பயணம். அந்தச் சொல்லின் பொருள் அங்கிருந்து சென்னைச் சட்டப் புத்தகத்துக்கு முழுதாக வந்து சேர, முதல் சட்டத்திலிருந்து கணக்குப் போட்டாலே 37 ஆண்டுகள்.